பிரஷர் மெஷினின் மூன்றாவது எண்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் அந்த வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் இருக்க வாய்ப்பு அதிகம். கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தி, அது உறுமி ஓய்ந்ததும் திரையில் மூன்று எண்கள் வரும். SYS என்று ஒன்று, DIA என்று ஒன்று, அதற்குக் கீழே PULSE என்று மூன்றாவது. முதல் இரண்டையும் வீட்டிலுள்ள எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். "நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தாறு. பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு மெஷினை அணைத்துவிடுவார்கள். மூன்றாவது எண் வாசிக்கப்படாமலே மறைந்துவிடும்.

இதற்கு வீட்டாரை மட்டும் குறை சொல்ல முடியாது. மலேசிய கிளினிக்குகளில் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கணிக்கப் பயன்படும் ஃப்ராமிங்ஹாம் கணக்கில் வயது, கொழுப்பு, மேல் அழுத்தம், புகைபிடித்தல், இனிப்பு நீர் எல்லாம் உண்டு, நாடித்துடிப்புக்கு இடமில்லை. இத்தனைக்கும் துடிப்பையும் ஆயுளையும் இணைத்துப் பேசிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று அதே ஃப்ராமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரிலிருந்துதான் வந்தது. ரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுக்காத மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993-இல் வெளியான அந்த ஆய்வில், ஓய்வுத் துடிப்பு நிமிடத்துக்கு 40 கூடுதலாக இருந்தவர்களிடம் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. நாற்பது என்பது பெரிய இடைவெளி, அதை மறந்துவிடக் கூடாது. 2018-இல் ஐரோப்பிய ரத்த அழுத்த வழிகாட்டி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் ஆபத்தைக் கூட்டும் காரணிகளின் பட்டியலில் 80-க்கு மேற்பட்ட ஓய்வுத் துடிப்பையும் சேர்த்தது. பலர் இன்னும் நூறைத் தாண்டினால்தான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு என்பது 'டாக்கிகார்டியா' என்று பெயர் வைப்பதற்கான எல்லை. ஆபத்து அந்த எல்லையில் காத்திருந்து திடீரென்று தொடங்குவதில்லை. எண்பதுகளிலேயே மெல்ல ஏற ஆரம்பித்துவிடுகிறது.

விளக்கத்துக்காக இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் நானே கற்பனையாக உருவாக்கிய ஆட்கள்தான். ஆனால் இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருவருக்கும் 56 வயது. இருவரும் சிறுவயதில் பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் இன்னும் செம்பனை நாற்று மேடையில் வேலை செய்கிறார். இன்னொருவர் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். இருவருமே பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள். வீட்டில் எடுத்த சராசரி இருவருக்கும் ஏறத்தாழ 136/83. நாற்று மேடை அக்காவின் துடிப்பு 66. கேண்டீன் அக்காவின் துடிப்பு 91. பிரஷரை மட்டும் பார்க்கும் டாக்டருக்கு இவர்கள் இருவரும் ஒரே நோயாளி.

இருவரின் இதயமும் அப்படி நினைக்காது. மேல் அழுத்தத்தைத் துடிப்பால் பெருக்கினால் வரும் தொகை, இதயத் தசை எவ்வளவு ஆக்சிஜன் கேட்கிறது என்பதற்கு ஒரு தோராயமான அளவு. டிரெட்மில் சோதனை செய்கிறவர்கள் இதை நெடுங்காலமாகக் கணக்கிடுகிறார்கள். முதல் அக்காவுக்கு 136-ஐ 66-ஆல் பெருக்கினால் 8,976. இரண்டாமவருக்கு 136-ஐ 91-ஆல் பெருக்கினால் 12,376. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாமவரின் இதயத்துக்குச் சுமார் 38 சதவீதம் அதிக வேலை.

வேலை கூடுகிறது என்றால் அதற்கு ஏற்ற சாப்பாடும் கூட வேண்டும் அல்லவா? இங்கேதான் சிக்கல். இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது சுருங்கும்போது போவதில்லை. விரிந்து ஓய்வெடுக்கும்போதுதான் போகிறது. சுருங்கும்போது தசை தன் குழாய்களைத் தானே நெருக்கிவிடுகிறது. துடிப்பு வேகமெடுத்தால் சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும்; ஓய்வு நேரம்தான் பெரிதாக வெட்டுப்படும். 66 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.91 விநாடி. அதில் சுருக்கம் சுமார் 0.34, மீதி 0.57 ஓய்வு. 91 துடிப்பில் ஒரு சுற்று 0.66 விநாடிதான். சுருக்கத்துக்கு 0.30 போனால் ஓய்வுக்கு மிஞ்சுவது 0.36. ஒரு நிமிடத்துக்குக் கூட்டிப் பார்த்தால், முதல் அக்காவின் இதயத் தசைக்கு ரத்தம் வாங்க 38 விநாடி கிடைக்கிறது, இரண்டாமவருக்கு 33 விநாடி. கூடுதல் வேலை, குறைந்த நேரம். ரத்தக் குழாய் சுத்தமாக இருக்கும் ஒருவர் இதைச் சமாளித்துவிடுவார். பல வருடப் பிரஷரால் இதயச் சுவர் தடித்து, குழாயும் கொஞ்சம் அடைத்திருப்பவருக்கு அந்த ஐந்து விநாடி பெரிய விஷயம்.

ஆனால் இந்த இயந்திரக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்வோம். அதற்கு முன், கேண்டீன் அக்காவின் 91 என்ற எண்ணை நம்பலாமா என்று பார்த்துவிடுவது நல்லது.

அரசாங்க கிளினிக்கில் அவருக்குப் பதிவானது 138/86, துடிப்பு 96. அன்று காலை எப்படி வந்தார்? ரத்தப் பரிசோதனைக்காக முந்தின இரவிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தும் குடிக்கவில்லை. மகன் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நம்பர் எடுக்க ஓட்டமும் நடையுமாகப் போனார். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய் உட்கார்ந்த கையோடு பட்டையைச் சுற்றிவிட்டார்கள். இப்படி எடுத்தால் முதல் அக்காவுக்கே எண்பதைத் தாண்டியிருக்கும். பட்டினி, நீர் வற்றல், அவசரம், டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம் எல்லாம் அந்த 96-க்குள் இருக்கின்றன. ஒரு தடவை எடுத்த துடிப்பை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ஆகவே வீட்டில் எடுக்க வேண்டும். ஏழு நாள், காலையும் மாலையும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கும் கோப்பிக்கும் முன்னால். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை மார்பு உயரத்துக்கு மேசையில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நம்மவர்கள் சாப்பிட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பிரஷர் எண்ணும் பொய், துடிப்பு எண்ணும் பொய். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதி 24 அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். வீட்டு அளவில் 135/85-ஐ எட்டினாலோ தாண்டினாலோ பிரஷர் அதிகம் என்று கொள்கிறார்கள். கிளினிக்கில் அந்தக் கோடு 140/90.

கேண்டீன் அக்கா இதைச் சரியாகச் செய்தார். விடியற்காலை ஐந்தரைக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் 134/82, துடிப்பு 89 அல்லது 90. மாலை ஆறரைக்கு, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் 138/84, துடிப்பு 92, 93. ஆறு நாளும் இதே கதை. கிளினிக் பதற்றம் கழிந்து 96 என்பது 91 ஆனது. சராசரி அதற்குக் கீழே இறங்கவே இல்லை. தூங்கி எழுந்த கையோடும் தொண்ணூறு என்றால் பதற்றத்தின் மேல் பழி போட முடியாது. தொடர்ந்து வேகமாக இருக்கும் துடிப்பு என்று சொல்வது இதைத்தான்.

மெஷின் காட்டும் எண்ணோடு விரலால் ஒரு முறை எண்ணிப் பார்ப்பதும் அவசியம். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு 60 விநாடி. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் சோம்பேறித்தனம் இங்கே ஆகாது. காரணம், தேடுவது எண்ணிக்கையை மட்டுமல்ல, தாளத்தையும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறில் துடிப்பு கொஞ்சமும் ஒழுங்கில்லாமல் விழும். சில துடிப்புகள் மணிக்கட்டுக்கு வந்தே சேராது. அப்போது மெஷின் காட்டும் துடிப்பு உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம், பிரஷர் எண்ணும் ஒவ்வொரு தடவையும் தாவும். தாளம் தவறுகிறது என்று தோன்றினால் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்காமல் இ.சி.ஜி. எடுக்கப் போக வேண்டும், ஏனென்றால் அது பக்கவாதத்துக்கு நேரான பாதை. கேண்டீன் அக்காவின் துடிப்பு ஒழுங்காக இருந்தது, வேகமாகவும் இருந்தது.

இனி, ஆய்வுகள். இந்த விஷயத்தில் ஒரே ஒரு ஆய்வைத் தெரிந்துகொண்டால் போதும் என்றால் நான் லைஃப் ஆய்வைச் சொல்வேன், ஏனென்றால் அது நம்மை இரண்டு பக்கமும் இழுக்கிறது. ரத்தக் கொதிப்பால் இதயச் சுவர் தடித்திருந்த 9,193 பேர், வயது 55 முதல் 80 வரை. பாதிப் பேருக்கு லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரை, பாதிப் பேருக்கு அடினோலால் என்ற இன்னொன்று. ஏறத்தாழ ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து 2002-இல் முடிவு வெளியானது.

பின்னால் 2010-இல் அதே ஆய்வின் இ.சி.ஜி.க்களை மீண்டும் எடுத்து அலசினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த இ.சி.ஜி.யில் துடிப்பு 84 அல்லது அதற்கு மேல் நீடித்தவர்கள், அல்லது இடையில் அந்த அளவுக்கு ஏறியவர்கள் ஒரு பக்கம். மற்றவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்தில் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 89 சதவீதம் அதிகம், எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து 97 சதவீதம் அதிகம். எந்த மாத்திரை எடுத்தார்கள், பிரஷர் எவ்வளவு, இனிப்பு நீர் உண்டா, புகைப்பாரா என்பதையெல்லாம் கணக்கில் சரிசெய்த பிறகும் இப்படி. ஆய்வு தொடங்கிய நாளில் எடுத்த ஒற்றை அளவைவிட, வருடா வருடம் எடுத்துப் பார்த்த அளவே தெளிவாகப் பேசியது. நீடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

89 சதவீதம் என்றதும் நூறில் 89 பேர் செத்துப்போவார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்புவார். அப்படி இல்லை. ஒரு கூட்டத்தில் நூறு பேரில் நாலு பேர் இறக்கும் இடத்தில், இன்னொரு கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள் (நாலு என்பது விளக்கத்துக்கு நான் வைத்த எண்). ஏற்கெனவே ஆபத்து குறைவாக உள்ள இளவயதுக்காரருக்கு இரு மடங்கும் சின்ன எண்தான். சுவர் தடித்த இதயத்தோடு அறுபதை நெருங்குபவருக்கு அது சின்ன எண் இல்லை.

பிரஷர் கட்டுக்குள் வந்துவிட்டால் துடிப்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வல்சார்டனையும் அம்லோடிபினையும் ஒப்பிட்ட வேல்யூ ஆய்வின் தரவுகளை 2012-இல் ஆராய்ந்தபோது, பிரஷர் நன்றாகக் கட்டுப்பட்டவர்களிடமும் மிக வேகமான துடிப்பு உள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கு இதயப் பிரச்சினைகள் கூடுதலாகத்தான் இருந்தன. பிரஷர் மாத்திரை முதல் இரண்டு எண்களைச் சரிசெய்துவிடும். மூன்றாவது எண் சுட்டிக்காட்டும் விஷயம் அப்படியே இருக்கலாம்.

அப்படியானால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். லைஃப் ஆய்வின் இன்னொரு பக்கம் இங்கே வருகிறது. அடினோலால் பீட்டா பிளாக்கர் வகை. துடிப்பை நன்றாகக் குறைக்கும், லோசார்டன் அவ்வளவு குறைக்காது. இரண்டு கூட்டத்திலும் பிரஷர் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியது. வேகமான துடிப்புதான் ஆளைக் கொல்கிறது என்றால் அடினோலால் கூட்டம் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது லோசார்டன், அந்தக் கூட்டத்தில் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு.

இந்த முரணுக்கு ஒரு பகுதி விளக்கம் ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது. இதயம் தள்ளும் அழுத்த அலை கைகால் குழாய்கள் வரை போய் முட்டித் திரும்பி வரும். துடிப்பை மருந்தால் மெதுவாக்கினால் ஒவ்வொரு துடிப்பும் நீளும், அதிக ரத்தத்தையும் தள்ளும். திரும்பி வரும் அலை, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து மோதும். இதனால் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியில் மேல் அழுத்தம் கூடும். 2006-இல் வெளியான கேஃப் ஆய்வு அடினோலாலையும் அம்லோடிபினையும் ஒப்பிட்டு இதை அளந்தே காட்டியது. கையில் பட்டை சுற்றிப் பார்த்தால் அடினோலால் கூட்டத்துக்கும் அம்லோடிபின் கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெருந்தமனியில் அடினோலால் கூட்டத்துக்கு 4.3 மி.மீ. அதிகம். மூளைக்குப் போகும் குழாய்கள் கையிலிருந்து கிளைக்கவில்லை, பெருந்தமனியிலிருந்துதான் கிளைக்கின்றன.

இன்னும் நேரடியான சோதனையும் நடந்தது. ஐவாப்ரடின் என்ற மாத்திரை வேறு எதையும் பெரிதாகத் தொடாமல் துடிப்பை மட்டும் குறைக்கும். 2014-இல் வெளியான சிக்னிஃபை ஆய்வில், இதயக் குழாய் அடைப்பு இருந்தும் இதயம் பலவீனமாகாத 19,102 பேரில் பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் துடிப்பு 70-க்குக் குறையாதது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் துடிப்பு சுமார் பத்து குறைந்தது. மாரடைப்பும் இதய மரணமும் குறையவில்லை. நான்கு ஆண்டு முன்னதாக ஷிஃப்ட் ஆய்வில் இதே மாத்திரை பலன் தந்திருந்தது. ஆனால் அது இதயம் பலவீனமாகி ரத்தத்தைத் தள்ளத் திணறும் நோயாளிகளிடம். அங்கே துடிப்பைக் குறைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. சாதாரண ரத்தக் கொதிப்பில் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை.

சமையலறையிலிருந்து புகை வந்தால் புகையை விசிறிக் கலைப்பவர் யாரும் இல்லை, அடுப்பில் என்ன தீய்கிறது என்றுதான் ஓடிப் பார்ப்போம். தொடர்ந்து வேகமாக ஓடும் துடிப்பையும் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. உடம்பை எப்போதும் உஷார் நிலையில் வைத்திருக்கும் சிம்பதெட்டிக் நரம்புகள் ஓயாமல் வேலை செய்தால் துடிப்பும் ஏறும், குழாய்களும் இறுகும், சிறுநீரகம் உப்பையும் பிடித்து வைக்கும். பிரஷரும் துடிப்பும் சேர்ந்து உயர்வதற்கு இது முக்கியமான ஒரு வழி. அந்த நரம்புகளை முடுக்கிவிடுவது ஆளுக்கு ஆள் வேறு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், தினசரிக் குடி, சிகரெட், உடல் பருமன், உட்கார்ந்தே கழியும் நாட்கள். வேறு காரணங்களும் உண்டு: தைராய்டு கூடுதலாகச் சுரப்பது, ரத்தச் சோகை, ஆஸ்துமா பம்ப், சளி மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரை.

இந்திய மலேசியர்களிடம் இனிப்பு நீர் மற்ற இனங்களைவிட அதிகம் என்பதால் ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடம் கட்டுப்படாத இனிப்பு நீர், இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைப் பழுதாக்கிவிடும். பிரேக் கெட்டுவிட்டதால் துடிப்பு எந்நேரமும் வேகமாகவே இருக்கும். ஆழமாக மூச்சை இழுத்து விட்டாலும் ஏறி இறங்காது. இவர்களுக்குப் பிரஷரை உட்கார வைத்து மட்டும் எடுப்பது போதாது. படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுக்க வேண்டும். நின்றதும் மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கி, துடிப்பு அதற்கு ஈடாக ஏறாமல் அப்படியே நின்றால் நரம்பு பழுதானதற்கு அது வலுவான அறிகுறி. இந்த நிலையில் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். பிரஷர் மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் விடியற்காலையில் எழுந்து போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள்.

கேண்டீன் அக்காவுக்கு இனிப்பு நீர் இல்லை. வீட்டு அளவுகளை எழுதிய தாளோடு மறுபடி கிளினிக்குக்குப் போனார். இந்தத் தடவை டாக்டர் துடிப்பு வரிசையைப் பார்த்துவிட்டு மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். அம்லோடிபின், பெரிண்டோபிரில் என்று இரண்டு உறையையும் எடுத்து வைத்தார்.

"வேற ஏதும் மருந்து சாப்பிடுறீங்களா அக்கா?"

"இல்லங்க டாக்டர். இவ்வளவுதான்."

"முட்டி வலி, இடுப்பு வலின்னு கடையில வாங்குறது?"

"அதுவா, அது தினமும் நின்னே வேல செய்றதால முட்டிக்குப் போட்டுக்குறது. மருந்துன்னு சொல்ற அளவுக்கு இல்லங்க."

அந்த முட்டி மாத்திரை டைக்ளோஃபெனாக். மாதக்கணக்காக, காலையும் இரவும், சில நாள் வெறும் வயிற்றில். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளிறியிருந்தது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டதற்கு, சில சமயம் போகும், சாப்பாட்டு வித்தியாசம் என்று நினைத்ததாகச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தச் சோகை. மாதவிலக்கு நின்று வருடங்களான ஒரு பெண்ணுக்கு இந்த எண் வந்தால் இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கோப் போட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண்.

இப்போது மூன்று எண்களையும் சேர்த்து வாசிக்கலாம். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பெரிண்டோபிரில் வகை மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். பிரஷர் இரண்டு மாத்திரைக்கும் அடங்காமல் 136-இல் தங்கி நின்றதில் அதற்குப் பங்கு உண்டு. அதே மாத்திரை வயிற்றில் புண்ணாக்கி, சொட்டுச் சொட்டாக ரத்தத்தை வெளியே அனுப்பியது. ஆக்சிஜன் சுமக்கும் ரத்த அணுக்கள் குறைந்ததால், இருக்கும் ரத்தத்தையே வேகமாகச் சுற்றவிட்டு உடம்பு ஈடுகட்டியது. துடிப்பு 91-க்கு ஏறியது அப்படித்தான். இந்த நேரத்தில் துடிப்பைக் குறைக்க ஒரு பீட்டா பிளாக்கர் கொடுத்திருந்தால் திரையில் 68 என்று அழகாக வந்திருக்கும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாட்டைக் கெடுத்து, கசிவை மறைத்திருக்கும். இரண்டாவது பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தாலும் கதை அதே.

வலி மாத்திரை நிறுத்தப்பட்டது. புண்ணுக்கு ஓமெப்ரசோலும், அதோடு கண்டுபிடித்த கிருமிக்கு ஆன்டிபயாட்டிக்கும், பிறகு இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். முட்டிக்குப் பாராசிட்டமாலும் தொடைத் தசைக்கு உடற்பயிற்சியும். நான்கு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 12.4. வீட்டு அளவு மறுபடி ஒரு வாரம் எடுத்ததில் 129/80, துடிப்பு 78. பிரஷர் மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லை. துடிப்பு 66-க்கு வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை. ஓய்வுத் துடிப்பில் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, சராசரியாகப் பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். நாற்று மேடை அக்கா தினமும் மேடேறி இறங்குகிறவர். கேண்டீன் அக்கா அடுப்படியில் நிற்பவர், நின்றாலும் நடை குறைவு. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேர்க்கும்படி நடந்தால் சில மாதங்களில் இன்னும் நாலைந்து துடிப்பு இறங்கக்கூடும். அந்த இறக்கம் மாத்திரையால் வரும் இறக்கம் மாதிரி இல்லை. நரம்பின் உஷார் நிலையே தணிந்து வருவது.

எல்லாருக்கும் இப்படி ஒரு புண் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாம் சரி, மருந்துப் பையிலும் ஒன்றும் இல்லை, துடிப்பு மட்டும் 86 என்று நிற்கும் ஆட்கள் நிறையப் பேர். அவர்களிடம் அந்த எண் செய்யும் வேலை வேறு. இவர் ஆபத்து கூடிய பக்கத்தில் நிற்கிறார் என்று அது சொல்கிறது. அதனால் பிரஷர், கொழுப்பு, சிகரெட் ஆகியவற்றில் 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட இடமில்லை. வீட்டு அளவு 136 என்றால் மற்றவர்களுக்கு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று விடும் டாக்டர், இவருக்குக் கொஞ்சம் முன்னதாகவே கை வைப்பார். குறட்டை பற்றி வீட்டுக்காரரையோ வீட்டம்மாவையோ கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். நோயாளியைக் கேட்டுப் பயனில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிஸோபிரோலால், அடினோலால், மெட்டோபிரோலால் என்று பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு ஓய்வுத் துடிப்பு குறைவாகக் காட்டும். ரத்தச் சோகையோ காய்ச்சலோ இருந்தாலும் துடிப்பு ஏறாமல் மறைந்திருக்கலாம் என்பதால், 64 என்று பார்த்து அவர்கள் நிம்மதியடைய வேண்டாம். மாரடைப்புக்குப் பிறகோ, இதயம் பலவீனமானதாலோ, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காகவோ அதைக் கொடுத்திருந்தால் அங்கே அது சரியான மருந்து. மேலே சொன்ன அடினோலால் கதையைப் படித்துவிட்டு யாரும் அதைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் ஒன்றாக எகிறும், அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். பக்கத்து வீட்டு மாமாவின் டப்பாவிலிருந்து இரண்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை அடைக்கும், இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைக்கும்.

உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், அல்லது வேகமான துடிப்போடு நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், மயக்கம், கறுப்பு மலம் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஏழு நாள் கணக்கெல்லாம் கிடையாது. கறுப்பு மலம் போவதோடு எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால், திரையில் பிரஷர் நல்லபடியாகத் தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது 999-ஐக் கூப்பிட வேண்டும். ரத்தம் கசியும்போது முதலில் துடிப்புதான் ஏறும். பிரஷர் கடைசியில்தான் விழும்.